‘யாரு அடிச்சா?’ என்று கேட்பதற்கு முன்

அங்கன்வாடி டீச்சர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்களே, ஆயாம்மாக்களே,

நான் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களில் பலருடைய எடைப் பதிவேட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் என் கையெழுத்து இருக்கும். இந்த மடல் எந்தப் பதிவேட்டைப் பற்றியதும் அல்ல. ஒரு பிள்ளையின் உடம்பில் காயத்தைப் பார்த்ததும் நம் வாயிலிருந்து முதலில் வருகிற கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கேள்வியை நானே தவறாகக் கேட்டேன். அதனால் என்ன ஆனது என்று முழுதாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

நாலு வயதுப் பெண்குழந்தை. அவளைச் சின்னக்குட்டி என்றே சொல்கிறேன். பிற்பகலில் பாட்டி வந்து மையத்திலிருந்து கூட்டிப் போனார். அம்மா வேலைக்குப் போய்விட்டு மாலை ஆறு மணிக்கு வந்து பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுதான் கவனித்தார். இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவந்த கோடு. ஒரு ஓரத்தில் தோல் லேசாகக் கொப்பளித்திருந்தது. அங்கே நடந்த பேச்சைப் பிறகு அந்த அம்மாவே எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

“என்னடி இது? யாரு அடிச்சா?”

சின்னக்குட்டி பேசவில்லை.

“சொல்லு, அம்மா திட்ட மாட்டேன். டீச்சரா, ஆயாவா?”

“ஆயா.”

“எதால அடிச்சாங்க? குச்சியாலயா?”

பதில் இல்லை. பக்கத்தில் நின்ற பாட்டி குனிந்து பார்த்தார். “இது குச்சித் தடம் இல்லம்மா, சூடு. கரண்டியக் காய வெச்சு இழுத்தாளாடி?”

“ம்.”

“எதுக்கு? சோறு திங்கலையா நீ?”

“திங்கல.”

அவ்வளவுதான். சோறு சாப்பிடாததற்காக ஆயா கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்தார் என்ற செய்தி, அன்று இரவே குரல் பதிவாகத் தெரு முழுக்கப் போய்விட்டது. இப்போது அந்தப் பேச்சை மறுபடி மேலிருந்து படித்துப் பாருங்கள். அடி என்பது அம்மாவின் சொல். சூடு, கரண்டி இரண்டும் பாட்டியின் சொற்கள். சோறு தின்னாததும் பாட்டியின் ஊகம்தான். குழந்தை கொடுத்தவை மூன்றே: இரண்டு பேரைச் சொல்லிக் கேட்டபோது ஒரு பேர், ஒரு ‘ம்’, பாட்டியின் சொல்லையே திருப்பிச் சொன்ன ஒரு ‘திங்கல’. கதையைப் பெரியவர்கள் கட்டினார்கள். பிள்ளை அதற்குத் தலையாட்டினாள். அம்மாவையோ பாட்டியையோ நான் குறை சொல்லவில்லை. பதறிப்போன வீட்டில் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நான் பதற வேண்டியவள் அல்ல. அப்படியிருந்தும் இதைவிட மோசமாகக் கேட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் போனபோது மையத்தின் வாசலில் பதினைந்து பேருக்கு மேல் நின்றார்கள். ஆயாம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தார். அவருக்குக் குரல் கொஞ்சம் ஓங்கி வரும், ஆனால் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. அதனால் எனக்குள் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் சின்னக்குட்டியின் முன்னால் உட்கார்ந்து, தலையைத் தடவிக் கேட்டேன்: “பாப்பா, ஆயாம்மா உன்னை ஒண்ணும் பண்ணலதானே? நீயாத்தானே எங்கயோ இடிச்சுக்கிட்ட?”

“ம்” என்றாள்.

நான் எழுந்து, “பாருங்க, குழந்தையே சொல்லுது” என்றேன்.

ஒரே குழந்தை, முந்தின நாள் மாலைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில், ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு கதைகளுக்கு ‘ம்’ சொல்லியிருந்தாள். ஒரு ஆளைக் குற்றவாளியாக்கும் கேள்வி மட்டும் பதிலைத் திணிக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு ஆளைக் காப்பாற்றக் கேட்கிற கேள்வியும் அதே அளவு திணிக்கும். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிள்ளையை நான் விலைக்கு வாங்கிவிட்டேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நினைத்ததில் தவறும் இல்லை.

பிள்ளைகள் ஏன் இப்படி ‘ம்’ சொல்கிறார்கள்? பொய் பேசும் குணத்தால் அல்ல. பெரியவர் ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பதில் ஒன்று இருக்கும், அதைச் சொல்லியாக வேண்டும் என்று அவர்கள் நம்புகிறார்கள். 1980-ல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே அர்த்தமில்லாத கேள்விகளைக் கேட்டார்கள். ‘பால் பெரிசா, தண்ணி பெரிசா?’ ‘சிவப்பு கனமா, மஞ்சள் கனமா?’ பெரும்பாலான பிள்ளைகள் ‘இது என்ன கேள்வி’ என்று கேட்கவில்லை. யோசித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணமும் சொன்னார்கள். நம் மையத்தில் நாளெல்லாம் நாம் கேட்பதும் நமக்கு விடை தெரிந்த கேள்விகள்தானே? ‘இது என்ன கலர்?’ ‘இது என்ன பழம்?’ டீச்சருக்கு விடை தெரியும், அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் தன் வேலை என்று பிள்ளை பழகியிருக்கிறது. ‘டீச்சரா, ஆயாவா?’ என்று கேட்டால், இரண்டில் ஒன்றுதான் விடை என்று அது எடுத்துக்கொள்கிறது. அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பதிலை மாற்றிவிடுகிறது.

நம் தமிழ் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை ஓடிப்போய்க் கதவில் மோதி அழுதால் நாம் என்ன செய்கிறோம்? “கதவு அடிச்சிருச்சா? இரு, கதவ அடிக்கிறேன்” என்று கதவைத் தட்டிச் சமாதானம் செய்கிறோம். ஆகவே நம் பிள்ளைகளின் பேச்சில் கல் அடிக்கும், படி அடிக்கும், நாற்காலி அடிக்கும். ‘அடி’ என்றால் வலி என்று அர்த்தம். ‘கால்ல அடி’ என்றால் யாரோ அடித்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் ‘யாரு அடிச்சா?’ என்று நாம் கேட்ட மாத்திரத்தில், கதவும் கல்லும் ஆட்டத்திலிருந்து வெளியே போய்விடுகின்றன. ‘யார்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை அந்த ஆளைத் தேட ஆரம்பித்துவிடும்.

இரண்டு நாள் கழித்து, குழந்தைகளிடம் பேசிப் பழக்கமுள்ள ஒரு ஆலோசகர் அம்மா வந்தார். அவர் பேசிய முறையை நான் அறையின் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். அது அவர் தாமாகக் கண்டுபிடித்த முறை அல்ல. 1990-களில் அமெரிக்காவின் தேசியக் குழந்தை நலம் மற்றும் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் லாம்ப் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய ஒரு பேட்டி முறை இருக்கிறது. முதலில் பிள்ளையைப் பேசப் பழக்குவது, பிறகு திறந்த கேள்விகளால் மட்டும் போவது, குறிப்பான கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுவது என்பது அதன் சாரம். பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆலோசகர் அம்மா அதை நம் பேச்சுத் தமிழில் செய்தார்.

பிள்ளை சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆரம்பித்தார். பாயில் அவரும் அவளும். அம்மா பின்னால், பிள்ளைக்கு முகம் தெரியாத இடத்தில். “நீங்க கூட இருக்கலாம். ஆனா அவளுக்குப் பதிலா பேசாதீங்க, தலையையும் ஆட்டாதீங்க” என்று முன்னரே சொல்லியிருந்தார். முதல் பத்து நிமிடம் காயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. “எங்க வீட்டுல ஒரு நாய் இருக்கு. அது பேரு என்ன, சொல்லு பாப்போம்” என்றார். சின்னக்குட்டி கொஞ்சமும் தயங்காமல் “மணி” என்றாள். “நீ எங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே பாப்பா. உனக்கு எப்படித் தெரியும்? தெரியலைன்னா ‘தெரியல’ன்னு சொல்லலாம். நான் திட்ட மாட்டேன். இப்ப சொல்லு, எங்க வீட்டுப் பூட்டு என்ன கலரு?” இந்த முறை அவள் சிரித்துக்கொண்டே “தெரில” என்றாள். பிறகு “உனக்கு ரெண்டு வயசுதானே?” என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். “இல்ல, நாலு!” என்றாள். “சரியாச் சொன்ன. நான் தப்பாச் சொன்னா இப்படித்தான் சொல்லணும்.”

தெரியாது என்று சொல்லலாம், பெரியவரைத் திருத்தலாம். இந்த இரண்டு அனுமதியையும் நம் பிள்ளைகளுக்கு யாரும் கொடுத்ததில்லை. சொல்லிவிட்டால் போதாது, இப்படி ஒரு முறை செய்து பார்க்க வைத்தால்தான் நாலு வயதுக்குப் புரியும்.

அடுத்து, “இன்னைக்கு எந்திரிச்சதுல இருந்து இங்க வந்த வரைக்கும் என்னென்ன நடந்துச்சோ எல்லாத்தையும் சொல்லு” என்றார். இட்லி, பாட்டி, தம்பி, ரோட்டில் போன மாடு என்று அவள் பேசினாள். எனக்கு இது நேரத்தை வீணடிப்பது போலத் தோன்றியது. பிறகுதான் புரிந்தது, பிள்ளை நீளமாகப் பேசப் பழகிக்கொண்டிருந்தாள், கேட்பவர் அவளுடைய மொழியைப் பழகிக்கொண்டிருந்தார். பாட்டிக்கும் தம்பிக்கும் மாட்டுக்கும் அவள் ‘சொல்லிச்சு’, ‘வந்துச்சு’ என்றாள். டீச்சருக்கும் ஆயாவுக்கும் ‘வந்தாங்க’ என்றாள். நடந்து முடிந்த எல்லாமே அவளுக்கு ‘நேத்து’. வழியில் கல் தடுக்கியதைச் சொல்லும்போது “கல்லு அடிச்சிருச்சு” என்றாள். அந்த ஆலோசகர் அம்மா நோட்டில் அதன் கீழே கோடு போட்டதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“உன் கையில சிவப்பா இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் அங்க இல்ல. என்ன நடந்துச்சுன்னு எல்லாத்தையும் சொல்லு.”

“ஆயா சூடு வெச்சுட்டாங்க.”

எனக்கு மூச்சு நின்றது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “ம். அதப் பத்தி எல்லாத்தையும் சொல்லு.”

“பாட்டி சொல்லிச்சு.”

“பாட்டி என்ன சொன்னாங்க?”

“கரண்டின்னு.”

“சரி, அது பாட்டி சொன்னது. உன் கண்ணு பாத்தது, உன் கையில பட்டது, அத மட்டும் இப்ப எனக்குச் சொல்லு.”

சின்னக்குட்டி பாயில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். அவர் காத்திருந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன், பத்தைத் தாண்டியது. அந்த இடைவெளியில் நான் என்றால் மூன்று கேள்வி கேட்டிருப்பேன்.

“பூனை வந்துச்சு.”

“ம்.”

“குட்டிப் பூனை. வெள்ளை. உள்ள போயிருச்சு.”

“அப்புறம்?”

“கூப்புட்டேன். வரல.”

“உள்ள போயிருச்சுன்னு சொன்னியே, அதப் பத்தி இன்னும் சொல்லு.”

“சோத்துக்கிட்ட போயிருச்சு. நான் கைய விட்டேன். அடிச்சிருச்சு.”

“அடிச்சிருச்சா. அதப் பத்திச் சொல்லு.”

“சோறு அடிச்சிருச்சு. சுடு.”

“அப்புறம்?”

“ஆயா கத்துனாங்க. கையப் புடிச்சு இழுத்தாங்க. தண்ணி ஊத்துனாங்க. அழுவாதன்னாங்க. அம்மாட்ட சொல்லாதன்னாங்க.”

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

இதில் அந்த ஆலோசகர் அம்மா எத்தனை சொற்களைக் கொடுத்தார் என்று எண்ணிப் பாருங்கள். கையில் சிவப்பு இருக்கிறது, அதை எல்லோரும் கண்ணால் பார்க்கலாம். அதைத் தவிர ஒரு ஆளையோ ஒரு பொருளையோ ஒரு செயலையோ அவர் சொல்லவில்லை. பாட்டியின் பேச்சுகூட பிள்ளை வாயிலிருந்து வந்த பிறகுதான் வந்தது. அவர் கேட்டவை பெரும்பாலும் ‘ம்’, ‘அப்புறம்’, ‘சொன்னியே, அதப் பத்தி இன்னும் சொல்லு’ என்ற மூன்றே. கதை கேட்கும்போது ‘ம்’ கொட்டுவது நம் பாட்டிமார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. கேள்வியாகக் குரலை உயர்த்தி ‘ம்ம்?’ என்றால் சந்தேகம், ‘அய்யோ’ என்றால் பயம், ‘சபாஷ்’ என்றால் பரிசு. சமமாக ‘ம்’ என்றால் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும்தான் அர்த்தம்.

‘அடிச்சிருச்சு’ என்று அவள் சொன்ன இடத்தில் என் நாக்கு நுனியில் ‘யாரு?’ என்ற சொல் இருந்தது. அதைக் கேட்டிருந்தால் ‘ஆயா’ என்று வந்திருக்கும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆயாவைப் பற்றி அவள் எப்போதும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறாள் என்பதும், கல் அவளை ‘அடிச்சிருச்சு’ என்பதும் முன்னரே தெரிந்திருந்ததால், இந்த ‘அடிச்சிருச்சு’ ஒரு பொருளாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அதை வைத்து முடிவு கட்டவில்லை. பாட்டிக்கும் அவள் அதே விகுதியைத்தான் போடுகிறாள். அதனால் பிள்ளையின் சொல்லையே திருப்பிக் கொடுத்து விளக்கச் சொன்னார்.

குறிப்பான கேள்விகள் கடைசியில் இரண்டே வந்தன. “சோறு எங்க இருந்துச்சு?” “அங்க வேற யாராவது இருந்தாங்களா, இல்ல யாரும் இல்லையா, இல்ல உனக்கு ஞாபகம் இல்லையா?” இரண்டாவதற்கு “ஞாவம் இல்ல” என்றாள். அதை அப்படியே விட்டுவிட்டார். ‘ஏன் உள்ள போன?’ என்று கேட்கவே இல்லை. நம் மொழியில் ‘ஏன்’ என்பது திட்டுவதற்கு முதல் சொல், பிள்ளை உடனே சுருங்கிவிடும். ‘எப்போ’, ‘எத்தனை தடவை’ என்பவையும் வரவில்லை. எல்லாவற்றையும் ‘நேத்து’ என்று சொல்கிற வயதில் அவற்றுக்கு ஊகம்தான் பதிலாக வரும். முடித்தபோது ‘உண்மையைச் சொன்ன நல்ல பொண்ணு’ என்று சொல்லவில்லை. “என்கிட்டப் பேசினதுக்கு நன்றி பாப்பா” என்று சொல்லிவிட்டு, இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்ளப் பிடிக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

பிறகு எல்லோரும் சமையலறைக்குப் போனோம். சாமான் அறை வாசற்படிக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் இருந்தன. சோற்றுக் குண்டானை அவற்றின் மேல் சாய்த்து வைத்துக் கஞ்சி வடிப்பது வழக்கம். குண்டானின் விளிம்பு சரியாக நாலு வயதுப் பிள்ளையின் முன்கை உயரத்தில் நின்றது. கையில் இருந்த கோடு நேர்க்கோடு இல்லை, லேசாக வளைந்திருந்தது, விளிம்பின் வளைவோடு பொருந்தியது. ஆயாம்மா உட்கார்ந்து அழுதார். வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

அம்மாவின் கேள்வியும் பொய்யான பதிலைக் கொண்டுவந்தது, என் கேள்வியும் பொய்யான பதிலைக் கொண்டுவந்தது. ஆயாம்மா சூடு வைக்கவில்லை. அவர் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் உண்மை இல்லை. கொதிக்கிற குண்டானைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைத்தார், காயத்தை மறைத்தார், பிள்ளையிடம் சொல்லாதே என்றார். என் கேள்வி ஜெயித்திருந்தால் அந்தக் குண்டான் இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

இது ஒரு வீட்டில், ஒரு தெருவில் நடக்கிற விஷயம் மட்டும் அல்ல. 1995-ல் மிஷெல் லெய்ட்ச்மன், ஸ்டீபன் சேசி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாம் ஸ்டோன் என்ற பெயரில் ஒருவர் ஒரு பாலர் பள்ளிக்கு வந்தார். வணக்கம் சொன்னார், அறையைச் சுற்றி நடந்தார், இரண்டு நிமிடத்தில் போய்விட்டார். எதையும் தொடவில்லை. ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு, அவர் வருவதற்கு முன்பே, எதைத் தொட்டாலும் உடைத்துவிடுகிற ஆள் என்று அவரைப் பற்றிக் கதைகள் சொல்லியிருந்தார்கள். வந்து போன பிறகு, ‘சாம் ஸ்டோன் புத்தகத்தைக் கிழிச்சது கோபத்துலயா, தெரியாமலா?’ என்ற மாதிரிக் கேள்விகளைப் பத்து வாரத்தில் நாலு முறை கேட்டார்கள். கடைசியில் புதிய ஆள் ஒருவர் கேட்டபோது, இந்தப் பிரிவில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் அவர் புத்தகத்தையோ பொம்மையையோ கெடுத்தார் என்றார்கள். முன்கதையும் இல்லாமல், திணிக்கும் கேள்வியும் இல்லாமல் இருந்த பிள்ளைகளில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். அந்தப் பேட்டிகளின் படப்பதிவைத் துறை வல்லுநர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தப் பிள்ளை சொல்வது நடந்தது, எது நடக்காதது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ‘பிள்ளை முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்’ என்று சொல்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

நம் ஆயாம்மாவின் ஓங்கிய குரல், சாம் ஸ்டோனுக்கு முன்னால் வந்த கதை போன்றது. ‘சோறு திங்கலைன்னா ஆயாகிட்ட சொல்லிடுவேன்’ என்று வீடுகளில் மிரட்டுவதும் அதே முன்கதைதான்.

தெருவுக்குப் போன குரல் பதிவைப் பற்றியும் ஒன்று. 1983-ல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில், மெக்மார்ட்டின் என்ற பாலர் பள்ளியைப் பற்றி ஒரு தாய் புகார் கொடுத்தார். ஊர்க் காவல்துறை ஏறத்தாழ 200 குடும்பங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சந்தேகத்துக்குரியவரின் பெயரையும், என்னென்ன நடந்திருக்கலாம் என்பதையும் எழுதி, உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள் என்றது. எத்தனை வீட்டில் எத்தனை விதமாகக் கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். அதன் பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பேட்டி எடுத்தார்கள், மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள் நீயும் சொல்லு என்கிற பாணியில். வழக்கு 1990 வரை இழுத்தது. ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. உண்மையில் என்ன நடந்தது, அல்லது நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளும் வழியையே அந்தக் கேள்விகள் அடைத்துவிட்டன. உங்கள் மையத்தின் பெற்றோர் குழுவில் ‘உங்க பிள்ளைய ஆயா அடிச்சாங்களான்னு கேட்டுப் பாருங்க’ என்று ஒரு செய்தி போனால், அதுவும் அந்தக் கடிதத்தின் வேலையைத்தான் செய்யும். அப்படி ஒன்று போனது தெரிந்தால் உடனே எழுதி வையுங்கள், எந்த நாள், என்ன வார்த்தை என்று. பிறகு பிள்ளையிடம் பேச வருகிறவருக்கு அது மிக முக்கியமான தகவல்.

இன்னொரு வகை விஷயத்தில் நீங்கள் இந்த அளவுக்குக்கூடப் பேச வேண்டாம். பிள்ளையின் பேச்சு உடம்பின் அந்தரங்க இடங்களைத் தொட்டால், பெரியவர் ஒருவர் செய்யக்கூடாத ஒன்றைச் சொன்னால், ‘என்ன நடந்துச்சு, சொல்லு’ என்ற ஒரு கேள்வி, பிறகு ‘ம்’, அதோடு நிறுத்திவிடுங்கள். நடக்கக்கூடும் என்ற ஐயமோ, நடந்திருக்கிறது என்ற தகவலோ இருந்தாலே போதும், போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவின்படி நீங்கள் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். 1098-க்கும் அழைக்கலாம். நிரூபிப்பது உங்கள் பொறுப்பு அல்ல. பிள்ளையின் வாக்குமூலத்தை, முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன்னால் டீச்சர், மேற்பார்வையாளர், தலைவர், மாமா, சித்தி என்று ஆறு பேர் கேட்டிருந்தால், நடந்தது உண்மையாகவே இருந்தாலும் பிள்ளை சொல்வதில் எது அதன் நினைவு, எது நாம் கொடுத்தது என்ற சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகத்தின் பலன் எப்போதும் செய்தவனுக்குத்தான் போகும். நான் திறந்த கேள்வியைப் பற்றி இவ்வளவு சொல்வது, பொய்ப்புகாரிலிருந்து ஆயாம்மாவைக் காப்பாற்ற மட்டும் அல்ல. சொன்ன பிள்ளையின் சொல் நிற்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

எழுதி வைப்பதில் ஒரே ஒரு பழக்கத்தைக் கேட்கிறேன். பிள்ளை சொன்னதை மட்டும் எழுதாதீர்கள், நீங்கள் கேட்டதையும் எழுதுங்கள். ‘குழந்தை, ஆயா அடித்ததாகக் கூறியது’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ‘கையில என்ன என்று கேட்டேன். சோறு அடிச்சிருச்சு என்றது’ என்று, பேச்சுத் தமிழிலேயே, மழலையைத் திருத்தாமல், நேரத்தோடு எழுதுங்கள். பேசாமல் இருந்தால் பேசவில்லை என்று எழுதுங்கள். ‘தள்ளிட்டாங்க’ என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். அது மரியாதைக்குரிய ஒருவரா, பல பேரா என்று நம் மொழியில் தெரியாது. நீங்களாக ‘தள்ளினார்’ என்றோ ‘தள்ளினார்கள்’ என்றோ மாற்றினால், பிள்ளை சொல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்துவிட்டீர்கள்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். சின்னக்குட்டி விஷயத்தில் உண்மை தெரிந்தது, அந்த ஆலோசகர் அம்மாவின் திறமையால் மட்டும் அல்ல. குண்டானின் விளிம்பு இருந்தது, காயம் அதோடு பொருந்தியது, ஆயாம்மா ஒப்புக்கொண்டார். “இந்த மூணும் இல்லாம இருந்தா, அவ சொன்ன பூனைக் கதைய மட்டும் வெச்சு நான் எதுவும் உறுதியாச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் கேட்டுட்டாங்களே” என்று அவரே என்னிடம் சொன்னார். இரண்டு பேர் என்று அவர் சொன்னது வீட்டில் நடந்த பேச்சை ஒன்றாகவும் என்னை இன்னொன்றாகவும் சேர்த்து. முதலில் கேட்கிறவர் கெடுத்துவிட்டால் பிறகு வருகிற எவ்வளவு நல்ல கேள்வியாலும் அதை முழுதாகத் துடைக்க முடியாது.

அந்த மையத்தில் இப்போது சமையலறை வாசலில் ஒரு அரைக்கதவு இருக்கிறது, கஞ்சி வடிப்பது மேடை மேல். அறிக்கையில் குண்டானையும் மறைத்ததையும் எழுதினேன், நான் கேட்ட கேள்வியையும் எழுதினேன். அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். சின்னக்குட்டி அதே மையத்துக்குத்தான் தொடர்ந்து வந்தாள், அதே ஆயாம்மாவின் கையால்தான் சாப்பிட்டாள்.

மூன்று மாதம் கழித்து வழக்கமான பார்வைக்குப் போயிருந்தேன். காயம் ஆறி, இருந்த இடம்கூடத் தெரியவில்லை. புதிதாக வந்திருந்த ஒரு டீச்சர் விளையாட்டாக அவள் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். சின்னக்குட்டி முன்கையை நீட்டிக் காட்டி, எந்த வருத்தமும் இல்லாத குரலில் சொன்னாள்: “இங்க ஆயா கரண்டியால சூடு வெச்சாங்க. நான் சோறு திங்கல.”

அன்புடன்,
உங்கள் பழைய மேற்பார்வையாளர்